மணாலிப் படத்தில் விழும் பனி: முதல் பிரிண்டிலிருந்து மூன்றாவது பிரிண்ட் வரை

பின்னணி

கொங்குப் பகுதியில் ஒரு சிறிய ஸ்டூடியோ. நான் அங்கே ஆல்பம் டிசைன் பார்க்கிறேன். எனக்குக் கீழே ஒரு பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்து மணாலி போய்வந்த ஒரு தம்பதி, ஆல்பத்தின் கடைசி நான்கு ஷீட்டுக்கு அங்கே எடுத்த படங்களைக் கொண்டுவந்தார்கள். சோலாங் பள்ளத்தாக்கில் உள்ளூர் புகைப்படக்காரர் ஒருவரைப் பேசி எடுத்த படங்கள். தரையெல்லாம் பனி கிடக்கிறது. ஆனால் அவர்கள் அங்கே இருந்த மூன்று நாளும் வானிலிருந்து ஒரு துகள்கூட விழவில்லையாம். "பனி பேயற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க அண்ணா, அதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனோம்" என்று மாப்பிள்ளை கேட்டார்.

பதினான்கு படங்களில் முக்கியமானது ஒன்று. இருவரும் தொடை வரை தெரிகிற கிடைமட்டப் படம். மாப்பிள்ளை கறுப்பு ஜாக்கெட், பெண் சிவப்பு சால்வை. பின்னால் தேவதாரு மரங்களின் கருமை, வலது மேல் மூலையில் கொஞ்சம் வெளுத்த வானம், இடது பக்கம் தூரத்தில் ஒரு கடையின் மின்விளக்கு. அதை 12×36 அங்குல ஷீட்டில் ஒரு பாதி முழுக்க, அதாவது 18×12 அங்குலத்தில் வைக்க முடிவு செய்திருந்தோம். கோப்பு 6000×4000 பிக்சல். அந்த அளவில் அச்சடித்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 333 பிக்சல் வரும். பின்னால் நடந்த பாதித் தவறுக்குக் காரணம் இந்த எண்ணை யாரும் மனதில் வைத்துக்கொள்ளாததுதான்.

முதல் முயற்சி

வேலையைப் பையனிடம் கொடுத்தேன். எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இணையத்தில் கிடைத்த ஒரு பனி ஓவர்லேயை எடுத்தான். கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பனி, 1920×1080 அளவு. அதை ஃபோட்டோஷாப்பில் படத்தின் அளவுக்கு இழுத்து, `Screen` முறையில் மேலே வைத்தான். கறுப்பு மறைந்து வெள்ளை மட்டும் நின்றது. மூன்று மடங்குக்கு மேல் இழுத்ததால் துகள்கள் கொழகொழவென்று ஆகிவிட்டன. அதைச் சரிக்கட்ட `Add Noise`, `Threshold` இரண்டையும் வைத்துப் பொடிப்பொடியான கூர்மையான புள்ளிகள் கொண்ட ஒரு லேயர் போட்டான். "விழற மாதிரி தெரியணுமே" என்று இன்னொரு லேயருக்கு `Motion Blur` கொடுத்தான். `Distance` 120, சாய்வு வலமிருந்து இடமாக.

நான் திரையில் பார்த்தேன். முழுப் படமும் திரையில் அடங்கும்படி சுருக்கிவைத்துத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு படங்களுக்கும் அதே லேயர்களை அப்படியே இழுத்துப் போடச் சொல்லிவிட்டு, ஷீட்டை லேபுக்கு அனுப்பிவிட்டேன். இது என் தவறு, பையனுடையது அல்ல.

பிரிண்ட் வந்தபோது கண்டது

ஷீட்டைப் பிரித்ததும் லேமினேஷனுக்கு அடியில் தூசி சிக்கிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். படம் முழுக்க ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தேன். லேபுக்கு போன் போட்டுக் கொஞ்சம் காரமாகவே பேசினேன். அவர்கள் பொறுமையாக, "உங்க கோப்பிலேயே இருக்குங்க, நூறு சதவீதம் பெரிசாக்கிப் பாருங்க" என்றார்கள். பார்த்தேன். இருந்தது. இரண்டு, மூன்று பிக்சல் அகலப் புள்ளிகள். 333 பிக்சல் ஓர் அங்குலம் என்றால் மூன்று பிக்சல் கால் மில்லிமீட்டர்கூட வராது. பிரிண்டில் அந்த அளவில் ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்க்கிற யாருக்கும் தூசி, கீறல், மை விடுபட்ட இடம் என்றுதான் தோன்றும்.

மறுநாள் பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் பார்க்க வந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்காத குறையாக நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் மற்ற எதையும் பார்க்கவில்லை. நேரே மகளின் முகத்துக்குப் போனார். "ஏனுங்க தம்பி, பாப்பா மொகத்துல தேமலாட்ட இருக்குதுங்களே?" கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளைப் பொட்டுகள். அவர் சொன்னபிறகு வேறு மாதிரிப் பார்க்கவே முடியவில்லை.

கூட வந்திருந்த பெண்ணின் தம்பி, கல்லூரி மாணவன், இன்னும் இரண்டைச் சொன்னான். எதிரெதிர்ப் பக்கத்தில் உள்ள இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஏழு துகள்கள், சப்தரிஷி மண்டலம் போல. அப்புறம், அக்காவின் சால்வை நுனி வலப்பக்கம் பறக்கிறது, பனி மட்டும் இடப்பக்கம் போகிறது. "ரெண்டு காத்து அடிக்குதுங்களா அண்ணா?" என்றான்.

ஷீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். செலவு ஸ்டூடியோவுடையது.

ஏன் பொய்யாகத் தெரிந்தது

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தோம். புள்ளியின் அளவு, மங்கல், நீளம் ஆகிய மூன்றையும் பையன் கண்ணுக்குத் தோன்றியபடி தனித்தனியாக வைத்திருந்தான். உண்மையில் இந்த மூன்றும் ஒரே ஒரு விஷயத்தைச் சார்ந்தவை: அந்தத் துகள் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. கிட்டே இருந்தால் பெரிதாக இருக்கும், ஃபோக்கஸை விட்டு விலகியிருப்பதால் மங்கும், அதே ஷட்டர் நேரத்தில் படத்தில் அதிகம் நகர்ந்திருக்கும். தூரத்தைத் தீர்மானித்துவிட்டால் மற்ற மூன்றும் தானாக வந்துவிடும். விழும் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், பொடியாக இருந்தும் கூர்மையாக இருக்கிற ஒரு துகள் இந்தப் படத்தில் இருக்க முடியாது. பொடியாக இருந்தால் அது தம்பதிக்கு வெகு பின்னால் இருக்கிறது. பின்னால் இருந்தால் மரங்களைப் போலவே மங்கியிருக்க வேண்டும், முகத்தின் மேல் வரவே கூடாது. அம்மா பார்த்த தேமல் இதுதான்: பின்னணியில் விழ வேண்டிய பனி, கன்னத்தில் விழுந்திருக்கிறது.

படக்கோப்பில் எடுத்த விவரங்கள் இருந்தன. ஃபுல் பிரேம் கேமரா, 85 மில்லிமீட்டர் லென்ஸ், f/2.8, ஷட்டர் 1/200. தூரம் கோப்பில் இல்லை. முகத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். தாடையிலிருந்து உச்சந்தலை வரை 22, 23 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், படத்தில் அது 800 பிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அப்படியானால் கேமராவுக்கும் அவர்களுக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர், நம் கணக்கில் 13 அடி.

அந்தத் தூரத்தில் 5 மில்லிமீட்டர் அகலப் பனித்துகள் இந்தக் கேமராவில் 18 பிக்சல் வரும். பனி ஒற்றைப் படிகமாக மட்டும் விழுவதில்லை, படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகவும் விழும், அதனால் 5 மில்லிமீட்டர் என்பது நியாயமான அளவு. 18 பிக்சல் என்றால் பிரிண்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூசி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

நீளத்துக்கு வருவோம். இத்தகைய பனி காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கும். 1/200 விநாடியில் 5 மில்லிமீட்டர். அதாவது தன் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் நகரும். கோடாகத் தெரியாது, சற்று நீண்ட முட்டை வடிவம் வரும். பையன் கொடுத்த 120 பிக்சலைத் திருப்பிக் கணக்குப் போட்டால் விநாடிக்கு ஆறரை மீட்டர் வருகிறது. அது மழைத்துளியின் வேகம். அந்தப் படம் பார்க்கும்போது ஏன் குளிரைவிடச் சாரலை நினைவுபடுத்தியது என்று அப்போதுதான் விளங்கியது.

அளவுகோல் படத்துக்குள்ளேயே இருந்தது

மங்கலை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் நீண்டநேரம் போனது. சூத்திரம் போட்டுப் பார்க்கலாம், போட்டும் பார்த்தோம். ஆனால் அதற்குள் கைக்கு எளிதான ஒரு விஷயம் ஒளிந்திருந்தது.

ஃபோக்கஸ் இருக்கும் தூரத்தில் சரிபாதியில் உள்ள ஒரு புள்ளி எவ்வளவு மங்குமோ, அதே அளவுதான் வெகுதூரத்தில் உள்ள ஒரு புள்ளியும் மங்கும். லென்ஸ் எதுவானாலும், துளை எதுவானாலும் இது மாறாது. நம் படத்தில் ஃபோக்கஸ் 4 மீட்டரில். ஆகவே கேமராவிலிருந்து 2 மீட்டரில் விழும் பனியின் மங்கல், தூரத்துக் கடை விளக்கின் மங்கலுக்குச் சமம். அந்த விளக்கு படத்தில் ஒரு வட்டமாகப் பொங்கியிருந்தது. அளந்தால் ஏறக்குறைய 110 பிக்சல் அகலம். கணக்கிலும் 110தான் வந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப கணக்கே வேண்டாமே, விளக்கை அளந்தா போதுமே" என்றான். போதும்தான்.

அந்த விளக்கு இன்னொன்றையும் சொன்னது. அதன் வட்டத்துக்கு விளிம்பு இருக்கிறது. நடுவில் பிரகாசமாகத் தொடங்கி ஓரத்தில் கரைந்துபோகிற பஞ்சு உருண்டை அல்ல, தட்டு போன்ற ஒரு வட்டம். `Gaussian Blur` தருவது பஞ்சு உருண்டையைத்தான். ஓவர்லேகளில் வரும் பெரிய துகள்கள் எப்போதும் கண்ணாடியில் ஒட்டிய மாவு போலத் தெரிவதற்கு அதுவே காரணம். லென்ஸின் மங்கல் வேண்டுமென்றால் `Field Blur` அல்லது `Lens Blur` வேண்டும்.

இரண்டாவது முயற்சி: ஐந்து அடுக்கு

ஓவர்லே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொந்தமாக ஒரு பிரஷ் செய்தோம். மூன்று நான்கு சிறு உருண்டைகள் ஒட்டிக்கொண்ட ஒழுங்கற்ற ஒரு கட்டி, அவ்வளவுதான். `Define Brush Preset` கொடுத்துச் சேமித்தோம். அதற்கு `Size Jitter`, `Angle Jitter`, `Scatter` மூன்றையும் தாராளமாக வைத்தால், ஒரே இழுப்பில் துகள்கள் அளவும் கோணமும் மாறி மாறி விழும்.

முதலில் மூன்று அடுக்கு. 2, 4, 8 மீட்டர். ஒவ்வொன்றும் கறுப்பு நிரப்பிய தனி லேயர், `Screen` முறையில். பிரஷ் அளவு 4 மீட்டருக்கு 18 பிக்சல், 2 மீட்டருக்கு அதன் இருமடங்கு, 8 மீட்டருக்குப் பாதி. எண்ணிக்கையில்தான் பையன் தடுமாறினான். கிட்டே வரும் பனி கண்ணைக் கவர்வதால் அதைத்தான் நிறையப் போடத் தோன்றும். ஆனால் கேமரா பார்க்கும் வெளி ஒரு கூம்பு. தூரம் இரண்டு மடங்கானால் அது பார்க்கிற பரப்பு நான்கு மடங்கு. ஆகவே 4 மீட்டர் அடுக்கில் 60 துகள் என்றால், அதே தடிமனுள்ள 2 மீட்டர் அடுக்கில் 15தான் இருக்கும், 8 மீட்டரில் 240 இருக்கும். எண்ணிப் போட்டோம். பிரஷ் அதிகமாகக் கொட்டிய இடங்களில் அழித்தோம். ஆனால் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தவில்லை. பையனின் கை தானாகக் காலி இடத்தை நிரப்பப் போகும், நான் தட்டிவிடுவேன். தானாக விழுகிற எதுவும் கோலப்புள்ளி மாதிரிச் சம தூரத்தில் விழாது. ஓரிடத்தில் நாலைந்து கூடியிருக்கும், பக்கத்திலேயே உள்ளங்கை அளவு வெற்றிடம் இருக்கும்.

அடுத்து நகர்வு. `Motion Blur` 4 மீட்டர் அடுக்குக்கு 18, முன்னால் 36, பின்னால் 9. சாய்வுக்குச் சால்வையைக் கேட்டோம். அதன் நுனி லேசாக வலப்பக்கம் எழும்பியிருந்தது, பலமான காற்றில்லை. `Angle` -70 வைத்தோம், இடது மேலிலிருந்து வலது கீழாக. அடுக்குக்கு அடுக்கு நான்கைந்து பாகை மாற்றினோம். அப்புறம் `Field Blur`. 2 மீட்டர் அடுக்கில் துகள்களின் வட்டம் பக்கத்தில் உள்ள கடை விளக்கின் வட்டத்தோடு ஒத்துவரும்வரை நகர்த்தினோம். 8 மீட்டர் அடுக்குக்கு அதில் பாதி. 4 மீட்டருக்கு எதுவும் வேண்டாம்.

மங்கவைத்ததும் முன் அடுக்கு கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. பையன் உடனே `Levels`-ஐத் திறந்து வெள்ளையாக்கப் போனான். நிறுத்தினேன். 36 பிக்சல் துகளின் வெளிச்சம் 110 பிக்சல் வட்டத்தில் பரவினால் பத்தில் ஒரு பங்காகத்தான் மெலியும். கிட்டே விழும் பனி, ஃபிளாஷ் போடாத படத்தில், அப்படித்தான் இருக்கும்: பெரிய, மெல்லிய, பின்னால் இருப்பது தெரிகிற வட்டம். அதைப் பளிச்சென்று ஆக்கினால் ஃபிளாஷ் போட்டு எடுத்த இரவுப் படம் மாதிரி ஆகிவிடும். ஆனால் அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. திரையில் உள்ள பிக்சல் எண்கள் உண்மையான ஒளி அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. அதனால் மென்பொருள் மங்கவைக்கும்போது, லென்ஸில் நடப்பதைவிட அதிகமாகவே இருட்டாக்கிவிடும். கொஞ்சம் தூக்கலாம். மாப்பிள்ளையின் கறுப்பு ஜாக்கெட்டின் மேல் வட்டம் தெரிய வேண்டும், சிவப்புச் சால்வையின் மேல் இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தினோம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது வேறொரு குறை தெரிந்தது. மூன்று திரைச்சீலை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குவது போல் இருந்தது. பெரியது, நடுத்தரம், பொடி என்று கண் உடனே மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுகிறது. இடையில் 3 மீட்டருக்கு ஒன்று, ஐந்தரை மீட்டருக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு அடுக்கு போட்டதும் அந்தப் பிரிவு கலைந்தது. ஏழு, எட்டு என்று போகலாம். ஆனால் ஐந்துக்கு மேல் போட்டுப் பார்த்ததில் பிரிண்டில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

யாருக்குப் பின்னால், எதன் மேல்

ஐந்தரை, எட்டு மீட்டர் அடுக்குகள் தம்பதிக்குப் பின்னால். இருவரையும் தேர்வு செய்து, அவர்கள் மேல் பனி தெரியாதபடி அந்த இரண்டு லேயருக்கும் மாஸ்க் போட்டோம். பெண்ணின் பறக்கும் கூந்தல் ஓரத்தில் மாஸ்கை மென்மையாக விட்டோம். 4 மீட்டர் அடுக்கு அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் விழுவதாக வைத்துக்கொண்டு, மேலே போக விட்டோம். ஆனால் முகத்தில் மட்டும் கையால் அழித்தோம். இது கணிதம் அல்ல, மரியாதை. உண்மையான பனியில் எடுத்த படத்திலும் கண்ணின் மேல் ஒரு துகள் வந்துவிட்டால் நாங்கள் எடுத்துவிடுவோம்.

வலது மேல் மூலை வானம் தனிப் பிரச்சினை. வெள்ளைப் பனி வெளுத்த வானத்தின் முன்னால் வெள்ளையாகத் தெரியாது. நாம் பார்ப்பது அதன் அடிப்பக்கத்தை, வெளிச்சம் வருவது மேலிருந்து. ஆகவே வானத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக, சாம்பல் பொட்டாகத் தெரியும். மழை, பனி எது வரும்போதும் அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும், ஆனால் திரையின் முன் உட்கார்ந்தால் மறந்துவிடும். `Screen` முறையால் ஒருபோதும் கருமையாக்க முடியாது. அதனால் நடு அடுக்கையும் பின் அடுக்குகளையும் நகலெடுத்து, `Invert` செய்து, `Multiply` முறையில் 15 சதவீதத்தில் வைத்து, வானத்துக்கு மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டோம். `Screen` லேயர்களை வானத்திலிருந்து மறைத்தோம். படத்தில் மூன்று விரல் அகல இடம்தான் அது. ஆனால் அதைச் செய்ததும்தான் பனி மரங்களுக்கு முன்னால் மட்டுமல்லாமல் எங்கும் பெய்வதாகத் தோன்றியது.

நிறத்தையும் மாற்றினோம். தூய வெள்ளை வேண்டாம் என்று தரையில் கிடந்த பனியில் நிழலான இடத்தைத் தொட்டு நிறம் எடுத்தோம். லேசான நீலச் சாம்பல் வந்தது. விழும் பனி கிடக்கும் பனியைவிடப் பளிச்சென்று இருந்தால் காகிதத் துணுக்கு மாதிரி ஆகிவிடுகிறது.

எவ்வளவு பெய்யலாம் என்ற கேள்வி

இதை முடித்து மாப்பிள்ளையின் கைப்பேசிக்கு அனுப்பினோம். "சூப்பர்ண்ணா, ஆனா இன்னும் நல்லா கொட்டணும்" என்றார். இங்கேதான் நான் மறுத்தேன். தரையைப் பார்க்கச் சொன்னேன். ஊரே நடந்து கலங்கிய பழைய பனி, காலடித் தடங்கள், ஓரத்தில் சேறு. நன்றாகக் கொட்டியிருந்தால் அந்தத் தடங்கள் மூடியிருக்கும். ஜாக்கெட் தோளில் ஒரு பொட்டு ஈரமில்லை. தூரத்து மரங்கள் தெளிவாக இருக்கின்றன. பலத்த பனியில் அவை வெளிறிப் போயிருக்கும். இத்தனையையும் மாற்றினால் அது அவர்கள் போன மணாலி அல்ல. இப்போதுதான் தூற ஆரம்பித்தது என்ற நிலையை மட்டும் இந்தப் படம் தாங்கும். அவர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

அதற்கு ஏற்றபடி இரண்டு சிறு வேலைகள் செய்தோம். மாப்பிள்ளையின் வலது தோளில் ஏழு, பெண்ணின் உச்சி வகிட்டுக்குப் பக்கத்தில் மூன்று துகள்கள், அசைவில்லாமல், ஃபோக்கஸில், உட்கார்ந்திருப்பது போல. பின்னால் மரங்களின் மேல் மட்டும் தரைப் பனியின் நிறத்தில் ஒரு மெல்லிய மூட்டம், 8 சதவீதம். அவ்வளவுதான்.

மற்ற படங்களில் இரண்டை மட்டும் இதே முறையில் செய்தோம். அடுக்குகளை நகலெடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தூவினோம். லேயரைத் திருப்பிப் போட்டால் வேலை மிச்சம்தான், ஆனால் காற்றும் திரும்பிவிடும். நீண்ட நிழல் விழுந்த நல்ல வெயில் படங்கள் ஐந்து இருந்தன. அவற்றில் பனி சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நிழலை அழித்து வெளிச்சத்தை மாற்ற வேண்டும், அது வேறு வேலை, வேறு கூலி.

விளைவு

இந்த முறை முழு ஷீட்டை அனுப்பும் முன், முகமும் ஜாக்கெட்டும் வானமும் வருகிற ஒரு பகுதியை, அச்சில் வரப்போகும் அதே அளவில் வெட்டி, 6×9 அங்குலத்தில் சோதனைப் பிரிண்ட் எடுத்தோம். அதில் ஒரு குறை தெரிந்தது: பின் அடுக்கு கறுப்பு மரங்களின் மேல் எதிர்பார்த்ததைவிட அடங்கிப்போயிருந்தது. எங்கள் திரையின் வெளிச்சம் அதிகம், தாள் அவ்வளவு வெளிச்சம் காட்டாது. பின் அடுக்குகளைக் கொஞ்சம் தூக்கி மூன்றாவது பிரிண்டை எடுத்தோம்.

அம்மா வந்து பார்த்தார். முகத்தை முதலில் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் புரட்டினார். தம்பி மட்டும் இரண்டு படங்களையும் மாறி மாறி வைத்துச் சப்தரிஷி மண்டலத்தைத் தேடினான், கிடைக்கவில்லை.

முதல் முறை அரை மணி நேர வேலை. இரண்டாம் முறை அந்த ஒரு படத்துக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆனது, கணக்குப் போட்ட நேரம் தனி. அடுத்த இரண்டு படங்களுக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது, ஏனென்றால் மூன்றும் அதே லென்ஸ், அதே துளை, ஏறக்குறைய அதே தூரம்.

இனி மாற்றிச் செய்வது

வேலையைக் கையில் எடுக்கும்போதே படத்தில் தூரத்து விளக்கு, இலை இடுக்கில் பளபளக்கும் வெளிச்சம், வண்டியின் முகப்பு என்று ஏதாவது மங்கிய வட்டம் இருக்கிறதா என்று தேடி அளந்துவிடுகிறோம். பகல் படத்தில் அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் கோப்பின் விவரத்தையும் முக அளவையும் வைத்துக் கணக்கு. கைப்பேசியில் எடுத்த படங்களுக்கு இது ஒத்துவராது. அவற்றில் சின்ன சென்சாரால் எல்லாமே ஏறக்குறைய கூர்மையாக இருக்கும், அல்லது மங்கல் மென்பொருள் போட்டதாக இருக்கும். அதில் பெரிய மங்கிய வட்டங்களைச் சேர்த்தால் அவை மட்டும் தனியாக நிற்கும். அங்கே நடு அளவுத் துகள்களோடு நிறுத்திக்கொள்கிறோம்.

திரையில் சுருக்கிப் பார்த்து ஒப்புதல் தருவதை நான் விட்டுவிட்டேன். நூறு சதவீதத்தில் ஒரு முறை, சோதனைப் பிரிண்டில் ஒரு முறை. மங்கவைக்கும் முன் உள்ள லேயர்களை `Smart Object` ஆக வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் பின் அடுக்கைக் கொஞ்சம் திருத்த வேண்டுமென்றாலும் மறுபடி தூவ வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் அப்படி இரண்டு முறை தூவினோம்.

ஒன்றை இன்னும் தீர்க்கவில்லை. முன் அடுக்கின் பெரிய வட்டம் ஒன்று பெண்ணின் மோதிரக் கையின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கணக்குப்படி அது சரியான இடம்தான், அதனால் யாரும் கேட்காதவரை விட்டுவைக்கலாம் என்று பையன் சொன்னான். ஆல்பம் போய்விட்டது. கோப்பில் மட்டும் அதை அழித்துவைத்திருக்கிறேன்.